இருவரையும் கூப்பிடுங்கள்

எங்கள் நண்பர் வட்டத்தில் 11 பேர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இந்தியக் கலாசாரக் குழுவில் ஒன்றாக ஆடிப் பாடித் திரிந்தவர்கள். படிப்பு முடிந்து வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆளுக்கொரு திசையில் போனாலும், தீபாவளிக்கு அடுத்து வரும் சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடிவிடுவோம். அந்த 11 பேரில் நானும் ஒருத்தி, நான் 6 ஆண்டுகள் காதலித்து, பிறகு பிரிந்தவரும் ஒருவர்.

பிரிவு என்பது எங்கள் இருவருடைய விஷயம். மற்ற 9 பேர் அதில் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் ஜோடி பிரிந்தால் நண்பர் வட்டமும் இரண்டாகப் பிரிவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் அதை நடுவில் நின்று பார்த்தவள். எங்களுக்கு முன்பே எங்கள் வட்டத்தில் வேறொரு ஜோடி பிரிந்திருந்தது.

அவர்கள் பெரிதாகச் சண்டை போடவில்லை. யாரும் யாரையும் நண்பர்கள் முன்னால் திட்டவில்லை. “யார் பக்கம் நீ?” என்று யாரும் கேட்கவில்லை. நடந்ததெல்லாம் சின்னச் சின்னக் கோரிக்கைகள்தாம். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால், “அவன் வர்றானா?” என்று அந்தப் பெண் கேட்பாள். “நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்” என்று அவன் சொல்வான். படத்தைப் போடாதே என்பார் ஒருவர். “என்னைப் பற்றி ஏதாச்சும் சொன்னாளா?” என்பார் இன்னொருவர்.

தனியாகப் பார்த்தால் எல்லாம் சாதாரணக் கேள்விகள். ஆனால், அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் இடத்தில் இருந்து பாருங்கள். “அவன் வர்றானா?” என்ற கேள்விக்கு “ஆமாம்” என்றால் அவள் வரமாட்டாள். அதாவது, அவள் வராமல் போனதற்கு விருந்து வைப்பவர் பொறுப்பாகிவிடுகிறார். இனிமேல் யாரைக் கூப்பிடுவது என்று அவரே முடிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்க இரண்டு விருந்து வைத்தார்கள். பிறகு ஒருவர் இல்லாத வாட்ஸ்அப் குழு ஒன்று முளைத்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. எதை எந்தக் குழுவில் சொல்வது என்ற குழப்பத்தில் எல்லாரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். ஆண்டு இறுதியில் பாசிர் ரிஸ் ஷாலேயில் தங்கும் வழக்கம் நின்றது. அடுத்த 2 ஆண்டுகள் தீபாவளிச் சந்திப்பும் இல்லை.

அப்போது எனக்குப் புரிந்தது இதுதான். பக்கம் சாயச் சொல்லி நண்பர்களை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. செய்தியையோ ரகசியத்தையோ ஒரு முடிவையோ அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். அதை வாங்கிக்கொண்டவர் தானாகவே ஒரு பக்கம் ஆகிவிடுகிறார். ஆகவே எங்கள் முறை வந்தபோது, நண்பர்கள் கையில் எதையும் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.

முதலில் பேச வேண்டியவர்கள் இரண்டே பேர்

நாங்கள் பிரிந்தது ஒரு பிப்ரவரி மாதம். பிடிஓ திட்டத்தில் நான்கறை வீடு ஒன்றைப் பதிவு செய்திருந்தோம். அதைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச 3 வாரம் கழித்து ஒரு காப்பிக் கடையில் சந்தித்தோம். வீட்டு விஷயம் முடிந்ததும் நண்பர்களைப் பற்றிப் பேசினோம். 20 நிமிடம் ஆகியிருக்கும்.

முதலில், நண்பர்களுக்கு என்ன சொல்வது? இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வது என்று முடிவானது. அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டேன்: “நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு செஞ்சு பிரிஞ்சிட்டோம். காரணம் எங்களோட இருக்கட்டும். எப்பவும்போல ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. வர்றதா வேண்டாமான்னு நாங்களே பாத்துக்கிறோம்.” 2 நிமிடத்தில் அதற்குக் கீழே அவர், “ஆமா, நானும் இதையேதான் சொல்றேன்” என்று எழுதினார்.

இதில் முக்கியமான வரி மூன்றாவது. “ரெண்டு பேரையும் கூப்பிடுங்க” என்று சொல்லாவிட்டால், விருந்து வைப்பவர் யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். சொல்லிவிட்டால் அவர் வேலை கூப்பிடுவது மட்டும். வருவதும் வராததும் எங்கள் பாடு. அதே நாளில், ஒரே இடத்தில், இருவரும் சொன்னதும் முக்கியம். ஒருவர் முதலில் தனித்தனியாக நாலு பேருக்குப் போன் செய்திருந்தால், அந்த நாலு பேர் “எனக்கு முன்னாடியே தெரியும்” என்ற நிலைக்குப் போயிருப்பார்கள். பக்கங்கள் அங்கேயே தொடங்கியிருக்கும்.

அடுத்து, இருவரும் குழுவைவிட்டு வெளியேறுவதில்லை என்று பேசிக்கொண்டோம். ஒருவர் வெளியேறினால் அது எப்படியும் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவருக்காக இன்னொரு குழு தொடங்க வேண்டிவரும். எனக்கு அந்தக் குழுவைப் பார்க்கவே மனமில்லாத வாரங்கள் இருந்தன. அப்போது அறிவிப்புச் சத்தத்தை நிறுத்திவைத்தேன். அது யாருக்கும் தெரியாது, யாருக்கும் வேலையும் வைக்காது.

கடைசியாக, யார் எந்தச் சந்திப்புக்குப் போவது? முதல் மூன்று மாதம் சின்னச் சந்திப்புகளுக்கு ஒருவர் மட்டும் போவது என்று வைத்துக்கொண்டோம். அதை நாங்களே ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பித் தீர்த்துக்கொண்டோம். “இந்த வாரம் ஈசூன் சாப்பாட்டுக்கு நான் போகலாமா?” “போ.” அவ்வளவுதான். இடையில் எந்த நண்பரும் தூது போகவில்லை. அழைத்தவரிடம் “வர்றேன்” அல்லது “இந்த முறை முடியல” என்று மட்டும் சொன்னோம். “அவர் வர்றதால நான் வரல” என்று சொன்னால் அது அழைத்தவர் தலையில் ஏறும். “இந்த முறை முடியல” என்பது ஏறாது.

எல்லாச் சந்திப்பும் ஒன்றல்ல என்பதையும் பேசிக்கொண்டோம். நினைத்தபோது எழுந்து போகக்கூடிய இடங்கள் உண்டு, போக முடியாத இடங்கள் உண்டு. வீட்டு விருந்தில் பத்து நிமிடத்தில்கூட விடைபெறலாம். திருமண விருந்தில் 10 பேர் மேசையில் உட்கார்ந்தால் சாப்பாடு முடியும்வரை எழுவது கஷ்டம். ஷாலேயில் இரண்டு இரவு, ஒரே குளியலறை. அதனால் அந்த ஆண்டு ஷாலேவுக்கு அவர் மட்டும் போனார். நான் போகவில்லை. இருவரும் சேர்ந்து போகும் முதல் இடம், வாசல் பக்கத்தில் இருக்கும் ஓர் இடமாக இருக்கட்டும் என்று தீபாவளிச் சந்திப்பை வைத்துக்கொண்டோம்.

செங்காங் வீட்டில் ஒரு சனிக்கிழமை

அந்த ஆண்டு விருந்து செங்காங்கில், எங்கள் வட்டத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடியின் ஐந்தறை வீட்டில். பிரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் நாள் நான் அவருக்கு, “நான் 7 மணிக்குப் போறேன், 10 மணிக்குக் கிளம்பிடுவேன்” என்று அனுப்பினேன். “நான் எட்டரைக்கு” என்று பதில் வந்தது.

இப்படி நேரத்தை விட்டுப் போவதில் ஒரு நன்மை இருக்கிறது. முதலில் வந்தவர் அதற்குள் பேச்சில் கலந்து, தட்டைக் கையில் எடுத்திருப்பார். இருவரும் ஒரே மின்தூக்கியில் ஏறி, வாசலில் ஒன்றாகச் செருப்பைக் கழற்றி நிற்கும் சங்கடமும் இல்லை. அதே சமயம் ஒன்றரை மணி நேரம் ஒரே அறையில் இருப்போம். ஒருவர் போன பிறகுதான் மற்றவர் வருவார் என்றால், வீட்டுக்காரர் இரண்டு விருந்து நடத்துகிறார் என்று அர்த்தம்.

எட்டரைக்கு அவர் உள்ளே வந்ததும் பேச்சு சற்று நின்றது. எல்லாரும் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அறைக்கு ஓர் அறிகுறி வேண்டியிருக்கிறது. நான் உட்கார்ந்த இடத்தில் இருந்தே, எல்லாருக்கும் கேட்கும்படி, “வா, பிரியாணி இப்பத்தான் இறக்கினாங்க. ஆறதுக்கு முன்னாடி சாப்பிடு” என்றேன். “ஓ, சரி சரி” என்று சொல்லிக்கொண்டே அவர் மேசைப் பக்கம் போனார். பேச்சு மீண்டும் தொடங்கியது.

முதலில் வாய் திறப்பது நாங்கள் இருவரில் ஒருவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு யாராவது நிலைமையைச் சமாளிக்க வேண்டியிருக்கும். சொல்லும் வார்த்தை சாப்பாடு, மழை, கார் நிறுத்த இடம் கிடைத்ததா என்பதுபோலச் சாதாரணமாக இருந்தால் போதும். அளவுக்கு மீறிச் சிரித்துப் பேசினாலும் நண்பர்கள் நிம்மதி அடைவதில்லை. நடிப்பு எப்போது உடையுமோ என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தோழியின் அண்ணனைச் சந்தித்தால் எப்படி மரியாதையாக நாலு வார்த்தை பேசுவோமோ, அந்த அளவே எனக்குச் சரியாக இருந்தது.

உட்காரும் இடமும் அதேபோலத்தான். நேர் எதிரே உட்கார்ந்தால் கண் அடிக்கடி அங்கேதான் போகும். அறையின் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால், வருகிறவர்கள் எந்த மூலைக்குப் போவது என்று யோசிப்பார்கள். நான் இருந்த நீள நாற்காலி வரிசையிலேயே இரண்டு பேர் தள்ளி அவர் உட்கார்ந்தார். ஒரே வட்டம், ஒரே பேச்சு, ஆனால் முகத்துக்கு முகம் இல்லை.

சமையலறைப் பேச்சு

எங்கள் வீட்டு விருந்துகளில் கூட்டம் தானாகவே இரண்டாகும் இடங்கள் உண்டு. பெண்கள் உதவி செய்யச் சமையலறைக்குள் போவோம். ஆண்கள் காற்று வாங்க வெளியே பொது நடைபாதைக்குப் போவார்கள். மற்ற நாள்களில் அதில் ஒன்றுமில்லை. அன்று ஆபத்து அங்கேதான் இருந்தது.

நான் தட்டைக் கழுவப் போனபோது ஒரு தோழி பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, “உண்மையச் சொல்லு, நீ ஓகேவா?” என்றாள். அன்புதான். ஆனால், அந்தத் தாழ்ந்த குரலில் நான் பதில் சொல்லத் தொடங்கினால், அடுத்து உள்ளே வருகிறவரைப் பார்த்து நாங்கள் பேச்சை நிறுத்துவோம். அவர் வெளியே போய், “உள்ளே அழுதுக்கிட்டு இருக்காங்க போல” என்பார். நடைபாதையில் நிற்பவர்கள் அவரைச் சுற்றிக்கொள்வார்கள். 5 நிமிடத்தில் சமையலறை என் பக்கம், நடைபாதை அவர் பக்கம் ஆகிவிடும்.

அதனால், “ஓகேதான். இன்னொரு நாள் காப்பி குடிச்சிக்கிட்டே பேசலாம். இப்ப இந்தப் பாயசத்த வெளியே கொண்டு போவோம் வா” என்று குரலைத் தாழ்த்தாமலே சொன்னேன். பாத்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தோம்.

பழைய கதைகளிலும் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் வட்டத்தின் கதைகளில் பாதியில் நாங்கள் இருவரும் இருக்கிறோம். ஒருவன் ஷாலேயில் பார்பிக்யூ போட்ட கதையைச் சொல்லிக்கொண்டே வந்து, கரி தீர்ந்துபோன இடத்தில் திடீரென்று நின்றான். அன்று கரி வாங்க ஓடியது நாங்கள் இருவரும். அவன் முகத்தைப் பார்த்ததும் நானே முடித்து வைத்தேன்: “ஆமா, நாங்க ரெண்டு பேரும்தான் ஓடினோம். கடைக்காரர் கதவ இழுத்து மூடப் போயிட்டார்.” “நாந்தான் காலை உள்ள விட்டேன்” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த நினைவுகள் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, நண்பர்களுக்கும்தான். நாங்கள் பிரிந்ததற்காக அவர்கள் தங்கள் 6 ஆண்டுக் கதைகளில் ஒருவரை அழித்துவிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லி அங்கேயே நிறுத்திவிட வேண்டும். “அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்று ஒரு குத்தலைச் சேர்த்தால் போதும், சிரிப்பதா வேண்டாமா என்று 9 பேரும் திணறுவார்கள். சிரித்தவர் என் பக்கம், சிரிக்காதவர் அவர் பக்கம் என்று ஆகிவிடும்.

பாட்டியின் கேள்வி

நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அந்த வீட்டுப் பாட்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒன்பதரை மணிக்கு அறையில் இருந்து வந்து உட்கார்ந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்பம்மா கல்யாணச் சாப்பாடு போடப் போறீங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டார். பேத்தி பதறிப்போய், “பாட்டி, வாங்க உள்ள போலாம்” என்றாள்.

இதற்கும் பதில் சொல்ல வேண்டியது எங்களில் ஒருவர்தான். வீட்டுக்காரர் மழுப்பினால், நாங்கள் போன பிறகு பாட்டியிடம் விளக்க வேண்டிய வேலை அவருக்கு வரும். அவர் விளக்கும் விதத்தில் யாரோ ஒருவர் நல்லவர், ஒருவர் கெட்டவர் ஆகிவிடலாம். நான் சொன்னேன்: “பாட்டி, நாங்க கல்யாணம் பண்ணிக்கலன்னு முடிவு பண்ணிட்டோம். ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்.”

“சண்டையா?” என்றார்.

“இல்ல பாட்டி.”

அவரையும் ஒருமுறை பார்த்தார். அவர் தலையசைத்தார். “சரி, ரெண்டு பேரும் வயிறார சாப்பிட்டுட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுப் பாட்டி தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வோர் ஆண்டும் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பையில் முறுக்கு கட்டிக் கொடுப்பவர், அன்று இரண்டு பை கட்டினார். என் பையை வாங்கும்போது தொண்டை அடைத்தது. “நன்றி பாட்டி” என்று மட்டும் சொன்னேன்.

படம் எடுக்கும்போதும் வீட்டுக்காரத் தோழி தயங்கினாள். நான் எழுந்துபோய் வரிசையின் ஓர் ஓரத்தில் நின்றுகொண்டேன். அவர் மற்ற ஓரத்துக்குப் போனார். “நான் எடுக்கிறேன், நீங்க நில்லுங்க” என்று கைப்பேசியை வாங்கிக்கொள்வது பெருந்தன்மைபோலத் தோன்றலாம். ஆனால், பிறகு அந்தப் படத்தைப் போடும்போதெல்லாம் ஒருவர் ஏன் அதில் இல்லை என்ற கேள்வி கூடவே வரும்.

10 மணிக்கு நான் கிளம்பினேன். அறை முழுவதற்கும் பொதுவாக, “வர்றேன், எல்லாருக்கும் குட்நைட்” என்றேன். அதில் அவரும் அடக்கம். ஒரு தோழி காரில் கொண்டுவிடுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லி எம்ஆர்டியில் வந்தேன். கார்க் கதவு சாத்தியதும் “அப்புறம், எப்படி இருந்துச்சு?” என்ற பேச்சு தொடங்கும் என்று எனக்குத் தெரியும். அன்று யாரிடமாவது அழ வேண்டும்போல இருந்தது. அந்த 9 பேரில் ஒருவரிடம் அழுவதாக இல்லை.

அழுகைக்கு வேறு இடம்

இதைச் சொல்லாவிட்டால், நான் கல்லாக இருந்தேன் என்று தோன்றும். அன்றிரவு வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்து, 40 நிமிடம் பேசினேன். பேசினேன் என்பதைவிட அழுதேன் என்பது சரி. அலுவலகத்தில் இன்னொரு தோழி இருக்கிறாள், அவரைப் பார்த்தே இராதவள். கோபம், ஏமாற்றம், “எனக்கு மட்டும் ஏன்” என்பதெல்லாம் இந்த இரண்டு பேரிடம்தான் போனது. இவர்கள் என் பக்கம் முழுதாகச் சாயலாம். அவர்கள் அவரை மீண்டும் சந்திக்கப் போவதில்லை. நண்பர் வட்டத்தில் நிதானமாக இருக்க வேண்டும் என்றால், அதற்கு வெளியே நிதானம் இல்லாமல் இருக்க ஓர் இடம் கண்டிப்பாக வேண்டும்.

சந்திப்பு முடிந்த பின் நான் யாரிடமும் கேட்காத கேள்விகள் இரண்டு. நான் போன பிறகு அவர் என்ன சொன்னார் என்பது ஒன்று. அவர் இப்போது யாரோடாவது பழகுகிறாரா என்பது மற்றொன்று. யாராவது தாமாகச் சொல்ல வந்தால், “அதை அவர்கிட்ட இருந்தே தெரிஞ்சுக்கிறேன்” என்பேன். பணத்தைப் பற்றியும் கேட்டார்கள். நான்கறை வீட்டைப் பதிவு செய்யக் கட்டிய 2,000 வெள்ளி, வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்காது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த நட்டத்தை யார் ஏற்றுக்கொண்டது என்று அறிய ஆவல். “அது எங்களுக்குள்ள முடிஞ்சிருச்சு” என்று நிறுத்திக்கொண்டேன். தொகையைச் சொன்னால் உடனே கணக்குப் போடுவார்கள். யாருக்கு நியாயம் என்ற தீர்ப்பும் கூடவே வரும்.

இத்தனை செய்தும் பாரம் நண்பர்கள்மேல் இறங்குவது உண்டு. அதற்கு அடையாளங்கள் இருக்கின்றன. நீங்கள் வந்ததும் ஒருவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பார். அழைப்பு மற்றவர்களுக்குப் போய் 3 நாள் கழித்து, தனியாக உங்களுக்கு வரும். “அவனும் வர்றான், உனக்குப் பரவாயில்லையா?” என்று அனுமதி கேட்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அந்த ஒருவரிடம் நேராகப் பேசிவிடுவதுதான் வழி.

ஒரு தோழி தன் கணவரோடும் அவரோடும் ஜோகூருக்குச் சாப்பிடப் போனதை என்னிடம் மறைத்தாள். வேறொருவர் போட்ட படத்தில் பார்த்தேன். சுருக்கென்று இருந்தது உண்மை. அடுத்த முறை சந்தித்தபோது, “ஜோகூர் படம் பாத்தேன். அந்தக் கடை மீன் தலைக் கறி நல்லா இருந்துச்சா?” என்று கேட்டேன். முகம் வெளுத்து, பிறகு சிரித்தாள். “நீங்க எங்க போனாலும் என்கிட்ட மறைக்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம்” என்றேன். அதன் பிறகு அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கவில்லை.

எல்லாருக்கும் இது பொருந்தாது

இரண்டாம் ஆண்டு தீபாவளிக்கு முன் அவரிடமிருந்து செய்தி வந்தது: “இந்த முறை ஒருத்தங்களக் கூட்டிட்டு வர்றேன். மத்தவங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு.” நன்றி சொன்னேன். வீட்டுக்காரரிடம், “இந்த முறை முடியல” என்றேன். காரணம் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு மாலை, பலகாரத்தோடு அவர்கள் வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தேன். எல்லாச் சந்திப்புக்கும் போய்த் தைரியத்தைக் காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. முடியாத நாளில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவதைவிட, போகாமல் இருப்பது நண்பர்களுக்கு லேசு. அந்தப் பெண்ணை நான் சந்தித்தது மூன்று மாதம் கழித்து ஒரு திருமண விருந்தில். பெயரைச் சொல்லிக் கைகொடுத்தேன்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இங்கே சொன்னதெல்லாம், ஒத்துப்போகாமல் பிரிந்த இரண்டு பேருக்கு. கைநீட்டியவர், மிரட்டியவர், பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவர், பணத்தை ஏமாற்றியவர் என்றால் இந்த ஒழுங்கு எதுவும் பொருந்தாது. அங்கே “காரணம் எங்களோட இருக்கட்டும்” என்று மறைப்பது கெடுதலையே மறைப்பதாகும். நண்பர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரு பக்கம் நிற்கத்தான் வேண்டும்.

மற்றவர் ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்கலாம். எங்கள் வட்டத்தில் முன்பு பிரிந்த அந்த ஜோடியில், அவன் சில மாதங்களில் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டான். கூப்பிட்டால் வந்தான், யாரைப் பற்றியும் விசாரிக்கவில்லை. அவள் நிறுத்தவில்லை. பாரம் பாதிதான் குறைந்தது. ஆனால், அவனை அழைக்கும்போது மட்டும் எனக்கு யோசனை வரவில்லை என்பது இன்றும் நினைவிருக்கிறது.

எங்கள் வாட்ஸ்அப் குழு இன்னும் ஒன்றாகவே இருக்கிறது. இந்த ஆண்டு விருந்து உட்லண்ட்ஸில். வீட்டுக்காரர் போன வாரம் குழுவில் ஒரே கேள்விதான் கேட்டார்: “பிரியாணிக்குச் சொல்லணும். எத்தனை பேர் வர்றீங்க?” எனக்கு மேலே இருந்த பதில் அவருடையது, “ரெண்டு பேர்.” கீழே நான் “ஒண்ணு” என்று எழுதினேன்.